ஸ்கேன் பிடிஎப்பில் ஓர் எழுத்தை மட்டும் மாற்ற

கேள்வி: ஸ்கேன் செய்த பிடிஎப்பில் ஒரு எழுத்துப்பிழை. எடிட் செய்ய விடுகிறதில்லை. முழுப் பக்கத்தையும் திரும்ப டைப் பண்ணவா, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் போடவா?

இரண்டும் வேண்டாம். மவுசை இழுத்துப் பாருங்கள். எழுத்துகள் தனித்தனியாகப் பிடிபடாவிட்டால் அது வெறும் படம், படத்தைப் படமாகவே திருத்தலாம்.

எங்கள் ஹட்டன் பக்கத் தோட்டக் கோயிலின் கும்பாபிஷேக மலரில், நன்கொடை கொடுத்த ஒரு பாட்டியின் பெயர் ‘அம்மாள்’ என்று முடியாமல் ‘அம்மான்’ என்று விழுந்திருந்தது. டைப் செய்த பைல் யாரிடமும் இல்லை, ஸ்கேன்தான் மிச்சம். டவுனில் கேட்டபோது கூகுள் டிரைவில் ஏற்றி டொக்ஸில் திறக்கச் சொன்னார்கள். எழுத்து வந்தது, உண்மைதான். ஆனால் இரண்டு பத்தியாக இருந்த பெயர்ப் பட்டியல் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ‘ர’ வர வேண்டிய இடத்தில் துணைக்கால், சில பெயர்களில் புள்ளியே இல்லை. ஒரு பிழையைத் திருத்தப் போய்ப் பட்டியல் முழுவதையும் சரிபார்க்க வேண்டிய நிலை. ஓசிஆர்மைபிடிஎப் போன்ற மென்பொருள்கள் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் போடுகின்றன. தேடுவதற்கு அது நல்லது. அந்த எழுத்தைத் திருத்தினாலும் பக்கத்தில் தெரிவது பழைய ‘ன்’தான்.

கடைசியில் படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் 300 ரெசல்யூஷனில் திறந்தேன். திறக்கும்போதே அதைக் கவனியுங்கள், குறைத்துத் திறந்தால் முழுப் பக்கமும் மங்கிவிடும். அதே பட்டியலில் இன்னொரு ‘அம்மாள்’ இருந்தது. அதன் ‘ள்’ளைப் புள்ளியோடும் சுற்றியுள்ள கொஞ்சம் தாளோடும் வெட்டி, ‘ன்’ மேல் ஒட்டி, அடிக்கோட்டுக்கு நேராக நகர்த்தினேன். அதே தாள், அதே மை என்பதால் ஒட்டு தெரியவில்லை. வெள்ளைப் பெட்டி போட்டு மேலே டைப் செய்தால், ஸ்கேன் தாளின் மங்கலான மஞ்சளில் அந்த வெள்ளை தனியாகத் தெரியும். எழுத்து விடுபட்டிருந்தால் மட்டும் வேலை கூடும், வரியின் மிச்சத்தை வலப்பக்கம் தள்ள வேண்டும்.

பிறகு பிடிஎப்பாக ஏற்றுமதி செய்து, qpdf என்ற கட்டளைவரிக் கருவியால் பழையதில் 14ஆம் பக்கத்துக்குப் பதிலாகச் செருகினேன்:

```
qpdf malar.pdf --pages . 1-13 p14.pdf 1 . 15-z -- puthu.pdf
```

“இது கள்ளத்தனம் இல்லையா?” என்று யாராவது வருவீர்கள். சொந்த மலருக்குத்தான் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் கை வைக்காதீர்கள், அதற்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலைச்சல் எனக்குத் தெரியும். தமிழ் தெரியாதவர் காதில் விழுந்தபடி எழுதியதால், எங்கள் வீட்டில் பிள்ளைகளின் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் அப்பாவின் பெயர் ஒவ்வொரு விதம். எழுதினவருக்கு ஒரு நிமிட வேலை, திருத்த நாங்கள்தான் லீவு போட்டு பஸ் ஏற வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். பக்கத்தில் ஏழெட்டுப் பிழைக்கு மேல் இருந்தால் திரும்ப டைப் செய்வதே லேசு. பழைய மலர் பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் அதே பாமினியில் அடியுங்கள், மற்றப் பக்கங்களோடு ஒத்துப்போகும்.