தவறான கணக்குக்குப் போன பணம்: ஒப்பந்தம் இல்லாதவரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: வீட்டுக்கு டைல்ஸ் வாங்கிய கடைக்கு நெஃப்ட் மூலம் ரூ.48,000 அனுப்பினேன். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியதால், பணம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விட்டது. பணம் வந்தது உண்மைதான், ஆனால் செலவாகிவிட்டது என்று அவர் தம் வங்கியிடம் சொல்லிவிட்டாராம். எங்களுக்குள் ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது எந்த உரிமையில் கேட்பது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: ஒப்பந்தம் இல்லாதது உங்களுக்குத் தடையல்ல. தவறுதலாகப் பணம் செலுத்தப்பட்டால், அதைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72ஆவது பிரிவில் நேரடியாகவே சொல்கிறது. அப்பிரிவுக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு இது: இருவர் சேர்ந்து ஒருவருக்கு நூறு ரூபாய் தர வேண்டியிருக்கிறது, ஒருவர் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டது தெரியாமல் மற்றவரும் நூறு ரூபாய் கொடுக்கிறார், இரண்டாவது நூறு ரூபாயை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். ஆகவே நீங்கள் காட்ட வேண்டியவை இரண்டுதான்: பணம் உங்களிடமிருந்து தவறுதலாகச் சென்றது, அது அவருக்குச் சேர வேண்டியதல்ல. எண்ணைச் சரிபார்க்காதது உங்கள் கவனக்குறைவு என்று அவர் வாதிடலாம். ஆனால் தவறு கவனக்குறைவால் நேர்ந்ததா என்று அப்பிரிவு கேட்பதில்லை.

செலவாகிவிட்டது என்ற பதிலுக்கு உச்ச நீதிமன்றத்தின் 1958ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று பயன்படும். வெள்ளிக்கட்டி முன்பேர வணிகத்துக்கு விற்பனை வரி கட்டிய பனாரஸ் நிறுவனம் ஒன்று, அவ்வரி செல்லாது என்று உயர் நீதிமன்றம் அறிவித்த பின்னர், கட்டியதைத் திரும்பக் கேட்டது. பணத்தை வழக்கமான செலவுகளுக்குப் பயன்படுத்திவிட்டோம் என்று அரசு சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கட்டியதும் 72ஆவது பிரிவுக்குள் வரும் என்றும் கூறியது. அரசுக்கே கிடைக்காத அந்த வாதம் உங்கள் பணத்தைப் பெற்றவருக்கு எளிதில் கிடைக்காது என்பது என் கருத்து. அவர் உங்களுக்கு முன்பே கடன் கொடுத்தவராக இருந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும்.

நுகர்வோர் ஆணையம் இதற்குப் பொருந்தாது. அவர் உங்களுக்குப் பொருள் விற்றவரும் அல்லர், சேவை அளித்தவரும் அல்லர். வங்கியின் மீது வழக்குத் தொடுப்பதும் கடினம். கணக்கு எண்ணை மட்டும் கொண்டு வரவு வைக்கலாம் என்றும், சரியான விவரம் தருவது அனுப்புபவர் பொறுப்பு என்றும் ரிசர்வ் வங்கி 2010இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. (இப்போது நெஃப்டில் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைப் பார்க்கும் வசதி உண்டு. அதைத் தவறவிடாதீர்கள்.) உங்கள் புகாரை வங்கி கிடப்பில் போட்டிருந்தால், 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

எனவே முதலில், பரிமாற்றத்துக்கு வங்கி தரும் அடையாள எண்ணான யூடிஆரைக் குறிப்பிட்டு உங்கள் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். கணக்குதாரரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் வங்கி பணத்தை எடுத்துத் தராது. அவருடைய முகவரியையும் பெரும்பாலும் சொல்லாது. ஆகையால், அவருக்கான வக்கீல் நோட்டீஸை அவருடைய வங்கிக் கிளை வழியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் தொகையோடு, குறிப்பிட்ட நாளிலிருந்து வட்டியும் கோரப்படும் என்று கட்டாயம் எழுதுங்கள். எழுத்து ஆவணத்தின் அடிப்படையில் எழாத இத்தகைய கடனுக்கு, 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி, வழக்குக்கு முந்தைய காலத்துக்கான வட்டி அத்தகைய நோட்டீஸைச் சார்ந்தது; பலர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டு வட்டியை இழக்கிறார்கள்.

பதில் வராவிட்டால், வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துப் பாருங்கள். அக்குழு நடத்தும் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எட்டினால், அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அவர் வர மறுத்தால் அங்கே வற்புறுத்த முடியாது. அடுத்தது உரிமையியல் வழக்கு. அதில் அவருடைய வங்கியையும் ஒரு தரப்பாகச் சேர்த்து, பெயர், முகவரி, கணக்கு விவரங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

பணம் தமக்குரியதல்ல என்று தெரிந்த பிறகும் அதை நேர்மையற்ற முறையில் தமக்கென்று ஆக்கிக்கொள்வது, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவின்படி குற்றமாகலாம். நேர்மையற்ற எண்ணத்தை நிரூபிப்பதுதான் இதில் சிக்கல். அவர் பணத்தைச் செலவழித்தது வங்கி தகவல் சொல்வதற்கு முன்பா பின்பா என்பது அங்கே முக்கியமாகிவிடும். காவல்துறையில் புகார் கொடுப்பதானால், வங்கி அவருக்குத் தகவல் சொன்ன தேதிக்கான கடிதத்தை இணையுங்கள்.

கால வரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். தவறு தெரியவந்த நாளிலிருந்தோ, முறையாகக் கவனித்திருந்தால் தெரியவந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ அதைக் கணக்கிடலாம் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் விஷயத்தில், பணம் வரவில்லை என்று கடைக்காரர் சொன்ன அன்றே தவறு தெரிந்துவிட்டதால், அந்தச் சலுகையால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. பணம் அனுப்பிய நாளிலிருந்தே மூன்று ஆண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.