இட்லியும் சோறும் சிவப்பில் வந்தால்: கேள்வி பதில்

கும்பகோணம்: "அக்கா, நிறைய உணவுக்குச் சேர்த்துப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை எடுத்தேன். அரிசி, உளுந்து, பால், தேங்காய் நாலும் சிவப்பு. எல்லாத்தையும் விடணுமா?"

விட வேண்டாம். அந்தச் சிவப்பு காட்டுவது ஐஜிஜி என்ற ஆன்டிபாடியின் அளவை. சாப்பாட்டுப் புரதத்தில் துளி குடலைத் தாண்டி ரத்தத்தில் சேரும். அதற்கு உடம்பு ஐஜிஜி செய்யும். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கும் இதேதான். காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்றால் அரிசியும் உளுந்தும் ஏறாமல் வேறெது ஏறும்? பச்சையில் இருப்பதைப் பாருங்கள், அதில் பல நீங்கள் அதிகம் தொடாத பொருளாக இருக்கலாம்.

மன்னார்குடி: "ஆன்டிபாடி இருந்தா உடம்பு எதிர்க்குதுன்னுதானே அர்த்தம்? அலர்ஜிக்கும் அதைத்தானே பார்க்கிறாங்க?"

பாதி சரி. அலர்ஜிக்குப் பார்ப்பது ஐஜிஇ, அது வேறு வகை. அதுவும் ஏறியிருந்தால் மட்டும் போதாது, சாப்பிட்டபோது தொந்தரவும் வந்திருக்க வேண்டும். ஐஜிஜியின் நாலாம் வகை இன்னும் வேடிக்கை: நிலக்கடலை அலர்ஜி உள்ள குழந்தைக்கு மருத்துவர் முன்னிலையில் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும்போது அது கூடுகிறது, குழந்தையும் கடலையைத் தாங்க ஆரம்பிக்கிறது. உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்த வகையைப் பார்க்க வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பு 2008லேயே சொல்லிவிட்டது.

மயிலாடுதுறை: "எனக்கும் பால் சிவப்பு. நிறுத்தினதும் உப்புசம் போயிருச்சே?"

பால் காரணமாக இருக்கலாம், ஆனால் ஐஜிஜி அதற்குச் சாட்சி இல்லை. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் நொதி குறைந்தால், அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். ஆன்டிபாடிக்கு இதில் வேலையே இல்லை. தயிர் ஒத்துக்கொண்டு பால் மட்டும் படுத்தினால் சந்தேகம் வலுக்கும்.

இரண்டு வாரம் பாலை விடுங்கள். பிறகு ஒருநாள் வெறும் வயிற்றில் 200 மில்லி சாதாரணப் பால் (ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ்), மூன்று நாள் இடைவெளி விட்டு இன்னொரு நாள் அதே அளவு லாக்டோஸ் இல்லாத பால். எது முதலில் என்று வீட்டில் வேறொருவர் முடிவு செய்யட்டும், அது அவருக்கு மட்டும் தெரியட்டும். லாக்டோஸ் இல்லாத பால் சற்று இனிக்கும், நாக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் இரண்டிலும் ஒரே அளவு டிகாக்‌ஷனும் தாராளமாகச் சர்க்கரையும் போடச் சொல்லுங்கள். ஆறு மணி நேரம் வயிறு எப்படி என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை பாருங்கள், ஒருமுறை உப்பியதை நம்பாதீர்கள். சாதாரணப் பாலுக்கு மட்டும் உப்பினால் லாக்டோஸ்தான். இரண்டுக்கும் உப்பினால் காபியையும் சந்தேகப்படுங்கள். கும்பகோணத்துக்காரர்கள் கோபப்படக் கூடாது.

நாகப்பட்டினம்: "எனக்கு இறால் பச்சை. ஆனா தின்னா உதடு வீங்குது. நானும் இப்படித் தின்னு பார்க்கலாமா?"

கூடவே கூடாது. மேலே சொன்னது உப்புசத்துக்கு. உதடு வீக்கம் அலர்ஜியாக இருக்கலாம். பச்சை என்பதற்கு அங்கே மதிப்பில்லை. இறாலை நிறுத்தி அலர்ஜி மருத்துவரிடம் தோல் பரிசோதனையோ ஐஜிஇயோ எடுங்கள். மூச்சு இறைத்தால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

திருவாரூர்: "கோதுமையை விட்டு ரெண்டு மாசம், சுகமா இருக்கேன். எதுக்குத் திரும்பத் தொடணும்?"

கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படுவது சீலியாக் நோய். அது இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகச் சொல்லும். இப்போது எடுத்தால் இருந்தாலும் இல்லை என்று வரலாம். எத்தனை வாரம் சாப்பிட்ட பிறகு எடுப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள். அது இல்லையென்று தெரிந்தாலும், கோதுமைப் புரதமா, அதிலுள்ள, குடலில் புளிக்கும் மாவுச்சத்தா, கூடவே விட்ட பரோட்டா எண்ணெயா என்பது உங்கள் விஷயத்தில் தெளியாமலே நிற்கலாம்.