சுவரில் கணு என்றால் அங்கே ஏன் சத்தம் அதிகம்?

"ஐயா, எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஸ்பீக்கரைச் சோதிக்க 500 ஹெர்ட்ஸ் ஒலி போட்டேன். சுவரை நோக்கி நடந்தால் சத்தம் குறைந்து, கூடி, மறுபடி குறைகிறது. சுவரை ஒட்டி நின்றால் நன்றாகவே கேட்கிறது. ஆனால் படிவம் 6 படிக்கும் மகனின் நோட்டில் சுவரில் கணு, அதாவது அசைவே இல்லை என்று இருக்கிறது. எது தப்பு?"
– வாசகர், சுங்கை சிப்புட்

இரண்டும் சரிதான். நோட்டு காற்றின் அசைவைச் சொல்கிறது. உங்கள் காது கேட்பது காற்றின் அழுத்தத்தை.

சுவரிலிருந்து உள்ள தூரத்தை x என்றும் நேரத்தை t என்றும் வையுங்கள். A அலையின் வீச்சு, அதாவது காற்று அதிகபட்சம் அசையும் தூரம். k அலைநீளத்தையும் ω அதிர்வெண்ணையும் பொறுத்த எண்கள். சுவரை நோக்கிப் போகும் அலையையும் மோதித் திரும்பும் அலையையும் கூட்டினால்:

`A sin(kx + ωt) + A sin(kx − ωt) = 2A sin kx cos ωt`

வலது பக்கத்தைப் பாருங்கள். இடம் ஒரு காரணியிலும் நேரம் இன்னொரு காரணியிலும் பிரிந்துவிட்டன. அதனால் அலை எங்கும் நகர்வதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கென்று ஒரு நிலையான வீச்சு கிடைக்கிறது. sin kx பூஜ்யமாகும் இடமெல்லாம் கணு. சுவர் அதில் முதலாவது, ஏனென்றால் சுவரைத் தாண்டிக் காற்று போக முடியாது. அடுத்தடுத்த கணுக்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்று. நடுவில் வீச்சு 2A ஆகும் இடம் எதிர்க்கணு.

இப்போது ஒரு கணுவின் இரு பக்கமும் கவனியுங்கள். அங்குள்ள காற்று எப்போதும் எதிரெதிர்த் திசையில் ஆடும். ஒரு கணம் இரு பக்கமும் உள்ளே நெருக்கும். அரை அதிர்வு கழித்து இரண்டும் வெளியே விலகும். நடுவில் அசைவில்லை, ஆனால் அழுத்தம் ஏறி இறங்குவது அங்கேதான் அதிகம். சுவரில் ஒரு பக்கத்துக் காற்று மட்டும் வந்து நெருக்குகிறது. மறுபக்கத்தின் வேலையைச் சுவர் செய்கிறது. அழுத்தம் cos kx போல மாறுவதால், சத்தம் குறையும் இடங்கள் அசைவின் எதிர்க்கணுக்களில் விழுகின்றன.

நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 500ஆல் வகுத்தால் அலைநீளம் 70 சென்டிமீட்டர். எனவே முதல் அமைதி சுவரிலிருந்து 17.5 சென்டிமீட்டரில், அடுத்தது 52.5இல், அப்புறம் 35 சென்டிமீட்டருக்கு ஒன்று. அளக்கும்போது ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஓடட்டும். காதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஒரு காது அமைதியிலும் மற்றது சத்தத்திலும் இருக்கக்கூடும். போனின் மைக்கைச் சுவரை நோக்கி நேர்க்கோட்டில் மெதுவாக நகர்த்துங்கள்.

முழு நிசப்தம் கிடைக்காது. மேலே உள்ள கணக்கு, திரும்பும் அலைக்கும் அதே வீச்சு A என்று வைத்துப் போட்டது. சுவர் கொஞ்சம் உறிஞ்சி, 0.8 பங்கு வீச்சு மட்டும் திரும்பினால், உச்சம் 1.8, தாழ்வு 0.2, ஒன்பது மடங்கு வித்தியாசம். தடித்த திரை தொங்கவிட்டு 0.5 பங்கு திரும்பினால் 1.5க்கும் 0.5க்கும் மூன்றே மடங்கு. மண்டபத்தில் திரையைப் போட்டு அதே 17.5 சென்டிமீட்டரில் மைக்கை வையுங்கள். அமைதியாக இருந்த இடத்தில் சத்தம் எழும்புவது தெரியும்.