டிஷ் கேபிளுக்கு எர்த் கொடுக்கணுமா? சுவிட்ச் ஆஃப்ல இருந்தும் இடியில டிவி எப்படி போச்சு?

கேள்வி: மாடியில டிடிஎச் டிஷ் இருக்கு. போன வாரம் இடி மழையில டிவி, செட்டாப் பாக்ஸ் ரெண்டு சுவிட்சும் ஆஃப்ல தான் இருந்துச்சு, ஆனாலும் டிவியோட எச்டிஎம்ஐ போர்ட் போயிடுச்சு. டிஷ்ஷுக்குன்னு தனியா ஒரு கம்பி அடிச்சு எர்த் கொடுத்தா போதுமா?

பதில்: தனி கம்பி மட்டும் அடிக்காதீங்க, அது சில நேரம் இப்ப இருக்கறதவிட மோசம். ஏன்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி உங்க போர்ட் எப்படி போச்சுன்னு பாப்போம்.

நம்ம வீட்டு பிளக் பாயின்ட் சுவிட்ச் பேஸை மட்டும் தான் கட் பண்ணும், நியூட்ரலும் எர்த்தும் அப்படியே டிவியோட சேர்ந்து தான் இருக்கும், அந்த நியூட்ரல் நேரா தெருவுல இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் எர்த்துக்கு போகுது. பக்கத்துல எங்கயாவது இடி விழுந்தா போதும், மாடியிலருந்து இறங்குற அந்த இருபது மீட்டர் கேபிள்ல வோல்டேஜ் ஏறிடும். அது டிஷ் முன்னாடி நீட்டிக்கிட்டு சிக்னலை வாங்குற எல்என்பியிலருந்து கேபிளோட வெளிப்பின்னல் வழியா பாக்ஸுக்கு, பாக்ஸ்லருந்து எச்டிஎம்ஐ வழியா டிவிக்கு, டிவி பவர் சப்ளை வழியா நியூட்ரலுக்குன்னு வழி கண்டுபிடிச்சு போகும். இந்த வழியில இருக்கறதுலயே நோஞ்சான் அந்த எச்டிஎம்ஐ சிப் தான், அது தாங்குறது சில வோல்ட் தான். அதனால தான் பாக்ஸ் நல்லா இருக்கும், டிவியும் ஆன் ஆகும், ஆனா அந்த ஒரு போர்ட்ல மட்டும் சிக்னல் இல்லன்னு வரும். டிவி சர்வீஸ்ல இருந்தப்ப மழை சீசன்ல இந்த கம்ப்ளைன்ட் தான் அடிக்கடி வரும். ஸ்பைக் கார்டு போட்டிருந்தோமேன்னு கேப்பாங்க, அது கரன்ட் லைன் வழியா வர்றதுக்கு தான், கேபிள் வழியா வர்றது அதுக்கு தெரியவே தெரியாது.

இப்ப தனி கம்பி விஷயம். இடியில ஒரு பங்கு, சும்மா ஆயிரம் ஆம்பியர்னு வச்சுக்குங்க (நேரடி இடின்னா பல்லாயிரம் வரும்), உங்க புது கம்பி வழியா மண்ணுக்குள்ள இறங்குது, அந்த எர்த் 10 ஓம்னா அந்த இடம் 10,000 வோல்ட்டுக்கு ஏறிடும். வீட்டு எர்த் வேற இடத்துல சும்மா இருக்கு. அந்த வித்தியாசம் முழுக்க எங்க தீரும்? ரெண்டையும் இணைக்கிற ஒரே வழி உங்க கேபிளும் டிவியும் தான்! அதனால டிஷ் எர்த்தை வீட்டு மெயின் எர்த்தோட கண்டிப்பா இணைக்கணும். அப்ப ஏறினாலும் எல்லாம் சேர்ந்து ஏறும், டிவிக்கு குறுக்க வித்தியாசம் குறைவா இருக்கும்.

செய்ய வேண்டியது, டிஷ் கால்லருந்து 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரை வெளிச்சுவர் ஓரமா, வளைவு சுருள் இல்லாம நேரா இறக்கி வீட்டு எர்த் குழியில சேக்கணும். வயர் நீளமும் வளைவும் ஏன் முக்கியம்னா, கரன்ட் ஒரு மைக்ரோசெகண்ட்ல ஆயிரம் ஆம்பியர் ஏறினா மீட்டருக்கு சுமார் ஆயிரம் வோல்ட் அந்த வயர்லயே நிக்கும். அப்புறம் கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல, ரெண்டு பக்கமும் எஃப் கனெக்டர் மாட்டுற, எர்த் வயருக்கு ஒரு ஸ்க்ரூ இருக்கற சின்ன மெட்டல் பீஸ் போட்டு, அதுலருந்து 4 ஸ்கொயர் எம்எம் வயர் அதே மெயின் எர்த்துக்கு. டிஷ்ஷுக்கு எர்த் கொடுத்தாச்சேன்னு இதை விட்றாதீங்க, நிறைய டிஷ்ல எல்என்பி பிளாஸ்டிக் கிளாம்ப்ல தான் உக்காந்திருக்கும், டிஷ் இரும்புக்கும் கேபிள் பின்னலுக்கும் தொடர்பே இருக்காது. இந்த பீஸ் வெளிப்பின்னலை மட்டும் தான் பாத்துக்கும், நடுக்கம்பிக்கும் பாதுகாப்பு வேணும்னா கேஸ் டியூப் வச்ச அரெஸ்டர் கிடைக்கும், வாங்கும்போது டிசி பாஸ் ஆகுமான்னு கேளுங்க, இல்லன்னா பாக்ஸ்லருந்து எல்என்பிக்கு போற 13/18 வோல்ட் நின்னுடும், படமே வராது.

முதல்ல உங்க வீட்டு எர்த் உயிரோட இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சு எர்த் டெஸ்டர்ல பாருங்க. பல பழைய வீட்டுல மூணாவது பின் சும்மா அலங்காரத்துக்கு தான். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பல்பு போட்டு எரிஞ்சா சரின்னு சொல்றவர நம்பாதீங்க, பல்பு மங்கலா எரிஞ்சா எர்த் மோசம்னு தெரியும், நல்லா எரிஞ்சதால நல்ல எர்த்னு ஆகாது. எர்த் இல்லன்னு நியூட்ரல்ல இணைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், நியூட்ரல் அறுந்தா டிஷ் இரும்புல கரன்ட் நிக்கும், மாடியில துணி காயப்போடறவங்களுக்கு அடிக்கும்.

இவ்வளவு பண்ணாலும் டிஷ் மேலயே நேரா விழுற இடிக்கு இது போதாது, பக்கத்துல விழுறதுல வர்ற பாதிப்பு தான் குறையும். அதனால மே மாச கோடை மழை, ஐப்பசி மழை சீசன்ல வானம் கருக்கும்போதே டிவி, பாக்ஸ் ரெண்டோட பிளக்கையும் பிடுங்கி, பாக்ஸ் பின்னாடி இருக்கற கேபிளையும் கழட்டி, முனை எதுலயும் படாம தள்ளி வைங்க. டிவியில நெட் வயர் மாட்டியிருந்தா அதுவும் ஒரு வழி தான், அதையும் எடுத்துடுங்க. இடி சத்தம் கேக்க ஆரம்பிச்சிட்டா கேபிளைத் தொடாதீங்க, டிவி போனா போகட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு திரும்ப மாட்டிக்கலாம்.