பசுமைப் பத்திரத்தின் தாக்க அறிக்கையை எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

நீலவானம்: சூரிய மின் நிலையத்துக்காக வெளியிட்ட பசுமைப் பத்திரம் ஒன்று வைத்திருக்கிறேன். நிலையம் 100 மெகாவாட், மொத்தச் செலவு 400 கோடி, பத்திரம் 100 கோடி. ஆண்டுக்கு 1,22,640 டன் கார்பன் டை ஆக்சைடு தவிர்த்ததாக அறிக்கை சொல்கிறது. நம்பலாமா?

அந்த எண் எப்படி வந்தது என்று முதலில் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். 100 மெகாவாட்டை ஆண்டின் 8,760 மணியால் பெருக்கி, முழுத் திறனில் நிலையம் சராசரியாகத் தரும் பங்காக அதில் 20% எடுத்தால் 1,75,200 மெகாவாட் மணி. அதை ஒரு மெகாவாட் மணிக்கு 0.7 டன் என்ற உமிழ்வுக் காரணியால் பெருக்கினால் மிகச் சரியாக 1,22,640. இங்கேயே ஒரு விஷயம் வெளிப்படுகிறது. மீட்டரில் பதிவான உற்பத்தி இப்படி முழு 20 சதவீதத்தில் வந்து நிற்காது. மேகம், தூசி, பழுது, மின்தொகுப்பு வாங்க மறுத்த நேரம் எல்லாம் சேர்ந்து 18.63, 20.41 என்று ஏதாவது ஒரு கோணல் எண்ணாகத்தான் வரும். ஆகவே உங்களிடம் இருப்பது பத்திரம் வெளியிடும் முன் போட்ட மதிப்பீடு. 'தவிர்த்தது' என்று எழுதியிருந்தாலும் அது 'தவிர்க்கும் என்று எதிர்பார்த்தது'தான். மீட்டர் அளவைக் கேளுங்கள்.

அடுத்தது பங்கு விகிதம். பத்திரம் தந்தது செலவில் கால்பங்கு. அதன் கணக்கில் எழுத வேண்டியது 30,660 டன். மீதி முக்கால்பங்குக்குப் பணம் போட்ட வங்கியும் பங்குதாரரும் தங்கள் அறிக்கைகளில் அதே 1,22,640 டன்னை எழுதினால், ஒரே டன் மூன்று இடத்தில் எண்ணப்படும். இந்தச் சந்தைக்கான கோட்பாடுகளை வெளியிடும் ஐசிஎம்ஏவின் தாக்க அறிக்கை வழிகாட்டியும் பங்கு விகிதப்படி காட்டச் சொல்கிறது. ஆனால் அது பரிந்துரைதான், மீறினால் தண்டனை இல்லை.

பிறகு அந்த 0.7. சூரிய மின்சாரம் வந்ததால் எந்த மின்சாரம் குறைந்தது என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. பழைய நிலக்கரி நிலையம் ஓயும் என்று எடுத்து 0.95 போட்டால் 1,66,440 டன் வரும். ஏற்கெனவே நீர், காற்று, அணு மின்சாரம் கலந்த தொகுப்பு என்று 0.4 போட்டால் 70,080 தான். நிலையம் அதேதான், பேனல்களும் அதேதான். காரணி எந்த ஆண்டுக்குரியது, யார் வெளியிட்டது என்ற அடிக்குறிப்பு இல்லாத அறிக்கையை நான் ஒதுக்கிவிடுவேன். தொகுப்பு ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகிக்கொண்டே வரும்போது பத்திரம் வெளியிட்ட ஆண்டின் காரணியைக் கடைசிவரை ஓட்டுவது நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம்.

கடைசியாக, நிலையம் எந்தத் தேதியில் இயங்கத் தொடங்கியது? பத்திரத்துக்கு ஆறு ஆண்டு முன்பே ஓடிக்கொண்டிருந்தது என்றால், உங்கள் பணம் பழைய வங்கிக் கடனை அடைத்திருக்கிறது. அது விதிமீறல் அல்ல. ஆனால் அந்த டன்கள் நீங்கள் வாங்காவிட்டாலும் தவிர்க்கப்பட்டிருக்கும். எத்தனை சதவீதம் புதுச் செலவு, எத்தனை சதவீதம் பழைய கடன், எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போகிறார்கள் என்பது பணம் எங்கே போனது என்று காட்டும் ஒதுக்கீட்டு அறிக்கையில் இருக்க வேண்டும். கூடவே, அந்த நிலையம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழையோ கார்பன் கிரெடிட்டையோ வெளியே விற்கிறதா என்றும் கேளுங்கள். விற்றுவிட்டால் வாங்கியவரும் அதே பலனைத் தன் கணக்கில் எழுதுவார்.

புதுவரவு: எந்தப் பசுமை ஃபண்ட் வாங்கலாம் சார்?

அதை இங்கே சொல்ல மாட்டேன். பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரிடம் கேளுங்கள்.

கணக்கர்: பணத்துக்கு நிறம் கிடையாது. சூரிய மின்சாரத்துக்கு எடுத்துவைத்த சொந்தப் பணம் மிச்சமாகும், அது நிலக்கரிக்குப் போகும். எல்லாப் பசுமைப் பத்திரமும் மோசடிதான்.

முதல் இரண்டு வாக்கியமும் சரி, மூன்றாவது தவறு. தனிக் கணக்கில் போட்டுவைத்தாலும் பணம் நிறுவனத்தின் ஒரே பைக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் பத்திரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நிறுவனத்தின் மொத்த மூலதனச் செலவு பச்சைக்கு எவ்வளவு, புதைபடிவ எரிபொருளுக்கு எவ்வளவு என்று பத்திரத்துக்கு முந்தைய மூன்று ஆண்டையும் பிந்தைய மூன்று ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விகிதம் நகரவே இல்லை என்றால் பத்திரம் பெயர்ப்பலகை மட்டுமே. நகர்ந்திருந்தால் மோசடி என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை.

நீங்கள் சொல்வதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் உண்டு. 2017இல் ஸ்பெயின் எண்ணெய் நிறுவனமான ரெப்சோல் 50 கோடி யூரோவுக்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. பணம் சுத்திகரிப்பு ஆலைகளின் எரிசக்திச் சிக்கனத்துக்கு. ஒரு பீப்பாய்க்கு உமிழ்வு குறையும் என்பது உண்மை. ஆனால் செலவு குறைந்த ஆலை இன்னும் பல ஆண்டு ஓடும், அங்கிருந்து வெளியேறும் பெட்ரோல் எரிந்தே தீரும். பசுமைப் பத்திரங்களைப் பட்டியலிடும் கிளைமேட் பாண்ட்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு அதைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. அங்கே பணம் சொன்ன இடத்துக்கே போனது. சொன்ன இடம்தான் சிக்கல்.

மலைத்தேன்: நான் வங்கிக் கருவூலப் பிரிவில் இருக்கிறேன். பசுமைப் பத்திரத்துக்கு வட்டி குறைவு, அந்தச் சலுகைதான் புதுத் திட்டங்களைக் கொண்டுவருகிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். சலுகை 0.05% என்று தாராளமாகவே வையுங்கள். 100 கோடிக்கு ஆண்டுக்கு 5 லட்சம். அதிலிருந்து சான்று, தணிக்கை, அறிக்கைச் செலவைக் கழிக்க வேண்டும். 400 கோடி நிலையத்தைக் கட்டுவதா வேண்டாமா என்ற முடிவு இந்த 5 லட்சத்தால் மாறாது.

மலைத்தேன்: வட்டியை விடுங்கள். தகுதியான சொத்து எது என்று பட்டியல் போடும்போது திட்டப் பிரிவுக்காரர்கள் நிதிக் கூட்டத்தில் வந்து உட்காருகிறார்கள். முன்பு அவர்களைக் கூப்பிடவே மாட்டார்கள்.

இதை மறுக்க மாட்டேன், உள்ளே இருப்பவர் சொல்வதற்கு மதிப்பு உண்டு. ஆனால் வெளியிலிருக்கும் முதலீட்டாளரால் அதைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத பலனுக்கு நான் டன் எழுத மாட்டேன்.

கணக்கர்: அப்படியானால் பத்திரத்தால் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

இல்லை. வங்கிக் கடன் கிடைக்காத சிறிய நிறுவனம், வேறு யாரும் 15 ஆண்டுக்குப் பணம் தராத நீர்க்குழாய்த் திட்டம், இவற்றுக்கு நீண்ட காலப் பத்திரம் இருந்தால்தான் வேலை தொடங்கும். பெரிய மின் நிறுவனத்துக்கு அப்படி இல்லை. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்குகிறீர்கள், மலைத்தேனும் அதையேதான் எதிர்ப்பக்கத்திலிருந்து செய்கிறார்.

மலைத்தேன்: பெரிய நிறுவனத்திலும் நடக்கிறது என்றுதான் சொல்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, விடுங்கள்.

சரி, உங்கள் கருத்து உங்களோடு, என் கருத்து என்னோடு இருக்கட்டும். அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

சிட்டுக்குருவி: என் ஈஎஸ்ஜி ஃபண்டில் எண்ணெய் நிறுவனப் பங்கு இருக்கிறது. பசுமைப் பத்திரம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்தானே?

அது பசுமைப் பத்திரம் அல்ல, பங்கு ஃபண்ட். ஈஎஸ்ஜி என்றால் சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம். பல ஈஎஸ்ஜி மதிப்பெண்கள் அளப்பது சுற்றுச்சூழலால் நிறுவனத்தின் லாபத்துக்கு வரும் ஆபத்தை, அதுவும் அதே துறையின் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டு. நிறுவனம் சுற்றுச்சூழலுக்குச் செய்வதை அல்ல. அதனால் எண்ணெய் நிறுவனமும் நல்ல மதிப்பெண் வாங்கும். ஃபண்ட் ஆவணத்தில் எந்தத் துறைகளை வாங்குவதில்லை என்ற பத்தியைப் படியுங்கள். அங்கே எண்ணெய் விலக்கப்படவில்லை என்றால் அவர்கள் வாக்குத் தரவே இல்லை.

தென்றல்: வெளி நிறுவனம் ஒன்று சான்று கொடுத்திருக்கிறது. அது போதாதா?

சான்றின் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் அது பத்திரம் விற்பதற்கு முன்பு, வெளியிடுபவரே கட்டணம் கொடுத்து வாங்கிய கருத்து. 'இந்தப் பணத்தை இப்படிச் செலவழிப்போம்' என்ற திட்ட ஆவணம் கோட்பாடுகளுக்குப் பொருந்துகிறது என்று சொல்லும். பணம் அப்படிச் செலவானதா என்பது அதற்குத் தெரியாது. செலவான பிறகு வரும் ஒதுக்கீட்டுத் தணிக்கைதான் வேண்டும். அதிலும் 'வரையறுக்கப்பட்ட உறுதி' என்றிருந்தால் தணிக்கையாளர் கேள்வி கேட்டு ஆவணங்களை மேலோட்டமாக ஒப்பிட்டிருக்கிறார், ஒவ்வொரு பில்லையும் பார்க்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பசுமைப் பத்திரத் தரம் 2024 டிசம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பெயரைப் பயன்படுத்துபவர் செலவுக்குப் பிந்தைய ஆய்வையும் செய்தாக வேண்டும், பணத்தில் குறைந்தது 85% எது பசுமைச் செயல் என்று சொல்லும் ஒன்றியத்தின் வகைப்பாட்டுக்குப் பொருந்த வேண்டும். ஆனால் அந்தத் தரத்தில் சேர்வது கட்டாயமில்லை. சேராமல் வெறும் 'பசுமைப் பத்திரம்' என்றும் விற்கலாம்.

காற்றாடி: எங்களுடையது காற்றாலைப் பத்திரம், 80,000 டன் என்று போட்டிருக்கிறார்கள். சரியா?

செலவில் பத்திரத்தின் பங்கு எவ்வளவு, காரணி எந்த ஆண்டுடையது, ஆலை எப்போது ஓடத் தொடங்கியது? இந்த மூன்றையும் தராமல் யாராலும் சொல்ல முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

மின்மினி: மின்சாரப் பேருந்துப் பத்திரம், 12,000 டன். இது நம்பத்தக்கதா?

முதல் பதில். பங்கு விகிதம். பேருந்து என்றால், பழைய டீசல் வண்டியை உடைத்தார்களா, வேறு வழித்தடத்துக்கு அனுப்பினார்களா என்று மட்டும் கூடுதலாகக் கேளுங்கள். அனுப்பியிருந்தால் அந்த டீசல் இன்னும் எரிகிறது.

வழிப்போக்கன்: சொன்ன திட்டத்துக்குச் செலவழிக்கவே இல்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பெரும்பாலான பத்திரங்களில் முடியாது. பலரும் வாங்கிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். பத்திரத்தின் வெளியீட்டு ஆவணமான ஆங்கில ப்ராஸ்பெக்டஸைத் திறந்து `Event of Default` என்று தேடுங்கள். வட்டி கட்டாதது, அசல் திருப்பாதது, திவால் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். பசுமைச் செலவு தவறியது அநேகமாக இருக்காது. பிறகு `Risk Factors` பகுதியில் `green` என்று தேடுங்கள். பணத்தை வேறு வழியில் பயன்படுத்தினாலும் அது கடன் தவறியதாகக் கருதப்படாது என்று அங்கே நேரடியாகவே எழுதியிருப்பார்கள். நிறுவனத்தின் பெயர் கெடும், சில குறியீடுகளிலிருந்து பத்திரம் நீக்கப்படும், அதனால் விலை குறைந்து இழப்பு உங்களுக்கே வரலாம்.

வட்டியை ஓர் உமிழ்வு இலக்கோடு இணைக்கும் பத்திரம் வேறு வகை. இத்தாலிய மின் நிறுவனமான எனெல் 2023க்கு ஒரு கிலோவாட் மணிக்கு 148 கிராம் உமிழ்வு என்று இலக்கு வைத்து 160 கிராமில் நின்றது. அந்த இலக்கோடு இணைத்த பத்திரங்களுக்கு வட்டி 0.25% ஏறியது. அங்கே பணத்தை எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், தவறினால் மட்டும் கூடுதல் வட்டி. உங்கள் கையிலிருப்பது இதில் எந்த வகை என்பது ப்ராஸ்பெக்டஸின் `Use of Proceeds` பத்தியில் இருக்கும்.