மீடியேட்டர் ஒரு பாலமா?

அன்புள்ள ஐயா,

முதுகலை உயிர்வேதியியல் படிக்கிறேன். டிஎஃப்-2டி, டிஎஃப்-2பி போன்ற பொதுக் காரணிகளும் ஆர்என்ஏ பாலிமரேஸ்-2ம் இருந்தாலே, டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உருவாகும் படியெடுத்தல் சோதனைக் குழாயில் தொடங்கிவிடும் என்று பாடத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில், மீடியேட்டர் என்ற புரதக் கூட்டமைப்பு இல்லாமல் படியெடுத்தல் நடக்காது என்றும் இருக்கிறது. எது சரி? படத்தில் மீடியேட்டரை, மரபணுவைத் தூண்டும் டிஎன்ஏ பகுதியான என்ஹான்சருக்கும் படியெடுத்தல் தொடங்கும் இடமான புரோமோட்டருக்கும் நடுவே பாலமாக வரைந்திருக்கிறார்கள். பல லட்சம் காரங்களுக்கு அப்பால் இருக்கும் என்ஹான்சரை அதுதான் இழுத்துப் பிடித்திருக்கிறதா?

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

இரண்டு வாக்கியங்களும் உண்மைதான். முதலாவது சோதனைக் குழாயில் இருக்கும் டிஎன்ஏவைப் பற்றியது, இரண்டாவது செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவைப் பற்றியது. பாடநூல் இந்த ஒரு வரியை விட்டுவிட்டதால்தான் அவை மோதுவதுபோலத் தெரிகின்றன. பாலம் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். மீடியேட்டர் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று தெரிந்தால் அதற்கான பதில் எளிதாகிவிடும்.

1979இல் ராபர்ட் ரோடரின் ஆய்வுக்குழு, தூய்மைப்படுத்திய பாலிமரேஸ்-2ஐ மனித செல்களின் சாற்றோடு சேர்த்து, அடினோவைரஸின் ஒரு புரோமோட்டரில் படியெடுத்தலைச் சரியான இடத்தில் தொடங்கவைத்தது. சரியான இடம்தான் என்று எப்படித் தெரியும்? டிஎன்ஏவை முன்கூட்டியே ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டிவிடுவார்கள். பாலிமரேஸ் அந்த முனைவரை ஓடி விழுந்துவிடும். எல்லா மூலக்கூறுகளும் ஒரே காரத்தில் தொடங்கியிருந்தால் கிடைக்கும் ஆர்என்ஏக்கள் ஒரே நீளத்தில் இருக்கும், ஜெல்லில் ஒற்றைப் பட்டையாகத் தெரியும். கண்ட இடத்தில் தொடங்கியிருந்தால் மங்கலான தீற்றல்தான் மிஞ்சும். பாலிமரேஸ்-2ஐ முடக்கும் நச்சான ஆல்ஃபா அமானிட்டினைச் சிறிதளவு சேர்த்தவுடன் பட்டை மறைந்தால், அதைச் செய்தது பாலிமரேஸ்-2 என்பதும் உறுதி.

அந்தச் சாற்றைப் பிரித்துப் பிரித்துத்தான் பொதுக் காரணிகளைக் கண்டெடுத்தார்கள். அவை சேரும் வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகவே சொல்கிறேன். டிஎஃப்-2டியில் உள்ள டிபிபி என்ற புரதம், புரோமோட்டரில் உள்ள டாட்டா பெட்டி என்ற கார வரிசையில் அமர்ந்து டிஎன்ஏவைக் கூர்மையாக வளைக்கிறது. டிஎஃப்-2ஏ அதை நிலைநிறுத்துகிறது. டிஎஃப்-2பி வந்து பாலிமரேஸுக்கு இடம் காட்டுகிறது. பாலிமரேஸ் டிஎஃப்-2எஃபுடன் வந்து சேர்ந்ததும் 2ஈ, 2ஹெச் ஆகியவை இணைகின்றன. டிஎஃப்-2ஹெச்சில் இருக்கும் எக்ஸ்பிபி என்ற மோட்டார் ஏடிபியைச் செலவழித்து டிஎன்ஏவை பாலிமரேஸின் பிளவுக்குள் தள்ளும்போது இரு இழைகளும் பிரிகின்றன.

இந்தச் சோதனையில் எத்தனை வசதிகள் செய்து கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். டிஎன்ஏ வெறுமையாக இருக்கிறது. செல்லில் அதுவே ஒவ்வொரு நியூக்ளியோசோமிலும் சுமார் 147 கார இணைகள் என்று ஹிஸ்டோன் புரதங்கள்மீது சுற்றப்பட்டுக் கிடக்கும். எடுத்துக்கொண்ட புரோமோட்டரிலோ வலுவான டாட்டா பெட்டி இருக்கிறது. மனித மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான டாட்டா பெட்டியே கிடையாது. காரணிகளும் தேவைக்கு மேல் ஊற்றப்படுகின்றன. இத்தனை சாதகமான சூழலில் நடப்பதைத்தான் அடிப்படைப் படியெடுத்தல் என்கிறோம். அது எப்போதும் ஒரே மிதமான அளவில் நடந்துகொண்டிருக்கும், யார் சொன்னாலும் கூடாது, குறையாது. என்னைப் பொறுத்தவரை மரபணு ஒழுங்குமுறை என்ற விஷயம் இங்கே இன்னும் தொடங்கவே இல்லை.

கூட்டியும் குறைத்தும் பார்க்க முயன்றபோதுதான் புதிர் எழுந்தது. தூண்டு புரதங்கள் என்ஹான்சரில் போய் ஒட்டும், அவற்றின் இன்னொரு பகுதி படியெடுத்தலைத் தூண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. அந்தத் தூண்டும் பகுதி பொதுக் காரணிகளில் ஏதாவது ஒன்றை நேரடியாகத் தொடுகிறது என்பதே இயல்பான ஊகம். 1988இல் கில், டாஷ்னி இருவரும் ஈஸ்ட்டில் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். தூண்டு புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால், அது ஒட்ட இடமே இல்லாத மரபணுக்களிலும் படியெடுத்தல் குறைகிறது. டிஎன்ஏவில் இடம் கிடைக்காமல் மிதக்கும் தூண்டு புரதங்கள், எல்லா மரபணுக்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன என்பதுதான் அதன் பொருள்.

அந்த ஏதோ ஒன்று எது? ரோஜர் கோர்ன்பெர்க்கின் குழு 1990இல் இதைச் சோதனைக் குழாய்க்குக் கொண்டுவந்தது. ஈஸ்ட் சாற்றில் கேல்4-விபி16 என்ற தூண்டு புரதத்தை மிகையாகச் சேர்த்தார்கள். ஈஸ்ட்டின் டிஎன்ஏ ஒட்டும் பகுதியையும் ஹெர்பிஸ் வைரஸின் தூண்டும் பகுதியையும் இணைத்து உருவாக்கிய புரதம் அது. எதிர்பார்த்தபடி, வேறொரு தூண்டு புரதத்தால் இயங்கிய புரோமோட்டர் அடங்கிப்போனது. பிடிபட்டிருப்பது ஒரு பொதுக் காரணி என்றால், அதைக் கூடுதலாகச் சேர்த்ததும் படியெடுத்தல் மீண்டிருக்க வேண்டும். பொதுக் காரணிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மீளவில்லை. ஈஸ்ட்டிலிருந்து பிரித்த, இன்னும் தூய்மையாகாத வேறொரு பகுதியைச் சேர்த்தபோது மீண்டது. தூண்டு புரதத்துக்கும் பாலிமரேஸுக்கும் இடையில் யாருக்கும் தெரியாத ஒரு பொருள் இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். மீடியேட்டர் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அதன் புரதங்களில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல், இல்லாமையை மட்டும் வைத்து ஒரு பொருள் இருப்பதை நிறுவிய இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். வகுப்பில் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

1994இல் அது தூய்மையாகக் கைக்கு வந்தது. சுமார் 20 புரதங்கள் சேர்ந்த பெரிய கூட்டமைப்பு. தூய பொதுக் காரணிகளும் பாலிமரேஸும் மட்டும் உள்ள குழாயில் தூண்டு புரதத்தைச் சேர்த்தால் ஒன்றும் நடக்காது. அதே குழாயில் மீடியேட்டரும் இருந்தால் படியெடுத்தல் பல மடங்கு கூடுகிறது. தூண்டு புரதம் இல்லாதபோதும் அடிப்படை அளவையே அது உயர்த்துகிறது. டிஎஃப்-2ஹெச்சில் உள்ள, பாஸ்பேட் ஏற்றும் நொதியான கைனேஸையும் முடுக்குகிறது.

இதற்கிடையே ரிச்சர்ட் யங்கின் குழு முற்றிலும் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. பாலிமரேஸ்-2க்கு ஒரு நீண்ட வால் உண்டு. ஏழு அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் அந்த வாலில், ஈஸ்ட்டில் 26 திருப்பங்களும் மனிதரில் 52 திருப்பங்களும் இருக்கின்றன. அதை வெட்டிக் குறைத்த ஈஸ்ட் குளிரில் வளராது. அந்தக் குறையை ஈடுகட்டும் மரபணு மாற்றங்களைத் தேடிப் பிடித்தார்கள். கிடைத்த மரபணுக்களின் புரதங்கள் மீடியேட்டரின் உறுப்புகளாகவே இருந்தன. அவற்றில் ஒன்றான எஸ்ஆர்பி4, வெப்பம் கூடியதும் செயலிழக்கும்படி மாற்றப்பட்டபோது, ஈஸ்ட்டின் ஏறக்குறைய எல்லா மரபணுக்களிலும் படியெடுத்தல் நின்றுபோனது. உங்கள் பாடநூலின் இரண்டாவது வாக்கியத்துக்கு அடிப்படை இந்தச் சோதனைதான்.

இப்போது வேலை நடக்கும் விதத்தைப் பார்க்கலாம். மீடியேட்டர் பாலிமரேஸின் வாலைப் பிடித்துக்கொள்கிறது, பாஸ்பேட் ஏறாத வாலை மட்டும். பிடித்து, தொடக்கக் கூட்டமைப்பு சேர்வதற்கு உதவுகிறது. பிறகு டிஎஃப்-2ஹெச்சின் கைனேஸ் அதே வாலில் பாஸ்பேட்டை ஏற்றும்போது பிடி தளர்ந்து பாலிமரேஸ் புறப்படுகிறது. சேர்த்துவைக்கும் மீடியேட்டரே, விடுவிக்கும் கைனேஸையும் முடுக்கிவிடுகிறது.

மறுபக்கத்தில் தூண்டு புரதங்கள் ஒவ்வொன்றும் மீடியேட்டரின் வெவ்வேறு உறுப்பைத் தொடுகின்றன. மெட்23 என்ற உறுப்பை நீக்கிய சுண்டெலியின் கருத்தண்டு செல்கள் உயிரோடு இருந்தன. ஆனால் இஎல்கே1, அடினோவைரஸின் இ1ஏ ஆகிய இரண்டு தூண்டு புரதங்களின் சொல்லை அவை கேட்கவில்லை. வேறு தூண்டு புரதங்களுக்கு வழக்கம்போல இணங்கின. ஒரு உறுப்பு போனால் ஒரு வகைச் செய்தி மட்டும் போகிறது, இயந்திரம் நிற்பதில்லை. பொதுக் காரணிகளிலிருந்து மீடியேட்டரை வேறுபடுத்திக் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனி பாலம். சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். கை, கால் மொட்டுகளில் அதை இயக்கும் இசட்ஆர்எஸ் என்ற என்ஹான்சர், மனிதரில் ஏறக்குறைய 10 லட்சம் கார இணைகள் தள்ளி, எல்எம்பிஆர்1 என்ற வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. அதில் ஒரே ஒரு காரம் மாறினாலும் குழந்தை கூடுதல் கட்டைவிரலோடு பிறக்கக்கூடும். சுண்டெலியில் அந்த என்ஹான்சரை முழுதாக நீக்கினால் கால்களின் முனைப்பகுதி உருவாவதில்லை. 10 லட்சம் கார இணைகளை நேராக நீட்டினால் 340 மைக்ரோமீட்டர் வரும். செல்லின் உட்கருவே 10 மைக்ரோமீட்டர் அளவுதான். மீடியேட்டரின் நீளமோ சில பத்து நானோமீட்டர்கள் மட்டுமே. ஆகவே அந்தத் தூரத்தைக் குறைப்பது, ஹிஸ்டோன்களோடு சேர்ந்த டிஎன்ஏவான குரோமாட்டினின் மடிப்பாகத்தான் இருக்க வேண்டும். மீடியேட்டர் உதவக்கூடியது, இரண்டும் ஏற்கெனவே அருகில் வந்த பிறகுதான்.

அப்படி வந்தபின் அவற்றைக் கட்டிவைப்பதாவது மீடியேட்டரா? இதற்கு நேரடியான சோதனை இருக்கிறது. மீடியேட்டரின் முதுகெலும்பான மெட்14 புரதத்தைச் சில மணி நேரத்துக்குள் செல்லிலிருந்து சிதைத்து அகற்றிவிட்டு, குரோமாட்டினில் எது எதைத் தொடுகிறது என்று அளந்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், படியெடுத்தல் சரிந்தது, என்ஹான்சருக்கும் புரோமோட்டருக்கும் இடையிலான தொடர்புகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. மெதுவாக அகற்றியிருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது. நாட்கணக்கில் செல் தன்னை மாற்றிக்கொண்ட பிறகு எது காரணம், எது விளைவு என்று பிரிக்க வழியில்லை. உங்கள் பாடநூல் படத்தில் மீடியேட்டர் இருக்கும் இடம் சரி. அது டிஎன்ஏ வளையத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல வரைந்ததுதான் பிழை. அது கடத்துவது தூண்டு புரதத்தின் செய்தியை.

இன்னொரு திருத்தத்தையும் உங்கள் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்டில் கண்ட முழு நிறுத்தம் மனித செல்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. மெட்14ஐ வேகமாக அகற்றியபோது, பெரும்பாலான மரபணுக்களில் தொடக்கம் குறைந்தாலும், புரோமோட்டருக்குச் சற்று அப்பால் தயங்கி நிற்கும் பாலிமரேஸ்கள் வழக்கத்தைவிட விரைவாக விடுவிக்கப்பட்டதால் இழப்பு ஓரளவு ஈடானது. ஈடுகட்ட முடியாமல் விழுந்தவை, வலுவான என்ஹான்சர் கூட்டங்களை நம்பி இயங்கிய, அந்தந்த செல்லின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள்.