ஒரே தாளில் தமிழும் சிங்களமும்: அளவு, எழுத்துரு, வரிசை

"எங்கள் பிரதேச சபையில் நீர்வெட்டு அறிவித்தலை A3 தாளில் இரண்டு மொழியிலும் அடிக்கிறோம். தமிழுக்கு Latha, சிங்களத்துக்கு Iskoola Pota, இரண்டும் ஒரே புள்ளி அளவுதான். இருந்தும் ஒன்று பெரிதாகத் தெரிகிறது. தமிழ் நீளமாக வருவதால் கடைசியில் அதைச் சுருக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?"

புள்ளி அளவை மறந்துவிடுங்கள். எழுத்து உட்காரும் கற்பனைக் கட்டத்தின் உயரத்தைத்தான் அது சொல்கிறது. கட்டத்துக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவை உருவாக்கியவரின் விருப்பம். அதனால் ஒரே எண்ணைப் போட்டாலும் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது.

அடிக்கோலால் அளப்பதுதான் வழி. தமிழ் 'ப', அதற்கு நேரான சிங்கள எழுத்து, இரண்டையும் 100 புள்ளியில் அச்சிட்டு உயரத்தைப் பாருங்கள். மேலும் கீழும் குறி இல்லாத எழுத்துகள் என்பதால் அளவு சரியாக வரும். தமிழ் 18 மில்லிமீற்றர், சிங்களம் 15 என்று வந்தால் 18ஐ 15ஆல் வகுக்க 1.2. அப்படியென்றால் தமிழ் உடற்பகுதி 25 புள்ளி, சிங்களம் 30. தலைப்பும் அதே விகிதம்: 50க்கு 60. எழுத்துரு மாறினால் திரும்ப அளக்க வேண்டும்.

எழுத்துருவைப் பொறுத்தவரை Noto Sans Tamil, Noto Sans Sinhala இரண்டையும் சோடியாக எடுங்கள். இலவசம், கோட்டின் தடிப்பும் ஒத்துப்போகும். தலைப்புக்கு இரண்டிலும் Bold கோப்பையே நிறுவுங்கள். ஒன்றுக்கு உண்மையான Bold இல்லாவிட்டால் மென்பொருள் தானாகவே கோட்டை வீங்கவைக்கும். சிங்கள எழுத்தின் உள்வளைவுகள் அடைபட்டு மைத்திட்டு மாதிரித் தெரியும். மொழிபெயர்ப்பாளர் Bamini போன்ற பழைய எழுத்துருவில் தட்டித் தந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரி இடைவெளி. சிங்களத்தில் உயிர்க்குறிகள் எழுத்துக்கு மேலும் ஏறும், கீழும் இறங்கும். தமிழுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. அதனால் இடைவெளியை மென்பொருளின் விருப்பத்துக்கு விட்டால் இரண்டு பத்தியும் வெவ்வேறு வேகத்தில் இறங்கும். Word இல் Line spacing என்பதை Exactly ஆக்கி இரண்டு மொழியின் உடற்பகுதிக்கும் 45 புள்ளி கொடுங்கள். மேற்குறி வெட்டுப்பட்டால் 48க்குப் போகலாம், ஆனால் இரண்டு மொழிக்கும் சேர்த்துத்தான்.

இனி நீளப் பிரச்சினை. இங்கேதான் பலரும் தமிழின் அளவைக் குறைத்துவிடுகிறார்கள். அதற்குமுன் வசனத்தைப் பாருங்கள். "திருத்த வேலைகள் காரணமாக நீர் விநியோகம் தற்காலிகமாகத் தடைப்படுத்தப்படும் என்பதை இத்தால் அறியத்தருகின்றோம்" என்று எழுதினால் எந்தத் தாளும் போதாது. "குழாய் திருத்துவதால் தண்ணீர் வராது" போதும். திகதியும் நேரமும் தனி வரியில் வரட்டும். சிங்களத்தையும் இதே அளவுக்குச் சுருக்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் தமிழ் நீண்டால் பத்தியை அகலமாக்குங்கள், எழுத்தைத் தொடாதீர்கள். A3 தாளைக் கிடையாக வைத்தால் 420 மில்லிமீற்றர் அகலம். இரு ஓரமும் 20, நடுவில் 16 போக 364 மிச்சம். தமிழுக்கு 200, சிங்களத்துக்கு 164 என்று பிரிக்கலாம். பத்தி அகலம் சமமில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. எழுத்தின் உயரம் குறைந்தால் உடனே தெரியும்.

வரிசை விடயத்தில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு, ஒரு வரி சிங்களம், ஒரு வரி தமிழ் என்று மாறிமாறி அடுக்குவது. வாசிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் பாய வேண்டும். நடுவில் நேரத்தைத் தவறவிடுவார். "அலுவலகம்" போன்ற ஒற்றை வரிப் பலகைக்கு அது சரி. அறிவித்தலுக்கு ஒவ்வொரு மொழியும் தலைப்பிலிருந்து கையொப்பம் வரை தனித் தொகுதியாக நிற்க வேண்டும். இரண்டு தலைப்பும் ஒரே மட்டத்தில் தொடங்கட்டும். திகதிகளும் நேரங்களும் ஒன்றுக்கு நேரே ஒன்று வந்தால் இரண்டு பக்கமும் ஒரே நாளைத்தான் சொல்கின்றனவா என்று சரிபார்ப்பதும் சுலபம். தொலைபேசி எண் மட்டும் அடியில் பொதுவாக ஒருமுறை வரலாம்.

எது இடப்பக்கம்? 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நடைமுறையில் வடக்கு, கிழக்கில் தமிழை முதலிலும் மற்ற மாகாணங்களில் சிங்களத்தை முதலிலும் போடுகிறார்கள். பக்கம் பக்கமாக வைக்கும்போது அந்த முந்துரிமையின் கனம் குறைந்துவிடும். மேல்கீழாக அடுக்கினால் கீழே இருப்பது மேசைக்கோ பூச்சாடிக்கோ பின்னால் மறைந்துபோகலாம்.

அச்சுக்கு அனுப்பும் கோப்பு, எழுத்துரு பொதிந்த பி.டி.எப். ஆக இருக்கட்டும். அச்சகத்திலிருந்து முதல் பிரதி வந்ததும் சிங்களம் வாசிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகள் இரண்டாகப் பிளந்து கிடப்பது அவர் கண்ணில் உடனே படும். தமிழில் கொம்பும் காலும் பிரிந்து, நடுவே புள்ளி வட்டம் நிற்கிறதா என்று நீங்கள் பாருங்கள்.